புது அப்ரண்டிஸ் வந்து நிக்கிறான்: முதல் பத்து நிமிஷத்துல என்ன கேக்கலாம்?

மேட்டுப்பாளையம் ஷெட்
புதுச்சேரி மேட்டுப்பாளையத்துல சின்ன ஜாப் ஒர்க் ஷெட். மூணு லேத், ஒரு ரேடியல் ட்ரில், ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஃபிட்டிங் பெஞ்ச் ரெண்டு. திங்கக்கிழமை ஐடிஐ ஃபிட்டர் முடிச்ச பையன் அப்ரண்டிஸா சேர்றான். ஃபோர்மேன் நான்தான். "வாப்பா, என்னென்ன வேலை தெரியும்?"னு கேட்டா ரெண்டே பதில்தான் வருது. ஒண்ணு "எல்லாம் தெரியும் சார்", இல்லன்னா "ஒண்ணும் தெரியாது சார், கத்துக்கறேன்". ரெண்டையும் வெச்சுக்கிட்டு பையனை எந்த பெஞ்சுல நிறுத்தறதுன்னு முடிவு பண்ண முடியாது. பரீட்சை வைக்கிற எண்ணம் இல்லை. பேச்சோட பேச்சா, அவன் கை எதுல பழகியிருக்குன்னு தெரியணும். எப்படிக் கேப்பீங்க?

கணக்கர் திருப்பாதிரிப்புலியூர்
முதல்ல கான்ட்ராக்ட் போர்ட்டல்ல ஏத்தியாச்சா? ஸ்டைபெண்ட், வருகைப் பதிவு எல்லாம் சேர்ற தேதியில இருந்து ஓடும். ஐடிஐ சான்றிதழ் நகல், ஆதார், பேங்க் பாஸ்புக்கை முதல் நாளே வாங்கிடுங்க. 1961 சட்டப்படி அவன் தொழிலாளி இல்லை, பயிற்சியாளன்.

மேட்டுப்பாளையம் ஷெட்
அதெல்லாம் ஆபீஸ்ல முடிஞ்சுதுங்க. நான் கேக்கறது ஷெட்டுக்குள்ள, மெஷின் பக்கத்துல நடக்கிற பேச்சு.

கடலூர் வாத்தியார்
"தெரியுமா"ங்கற வார்த்தையையே விட்டுடுங்க. அதுக்கு ஆமா, இல்லைன்னு ரெண்டு பதில்தான் இருக்கு, ரெண்டும் பொய்யா வரலாம். ஃபிட்டர் பாடத்துல ட்ரில்லிங், டேப்பிங், ஷீட் மெட்டல், கொஞ்சம் வெல்டிங், லேத், எல்லாமே இருக்கு. அதனால "எல்லாம் தெரியும்"னு பையன் சொல்றது காகிதப்படி சரிதான். ஆனா ஒரு பேட்ச்ல இருபது பசங்க, லேத் அத்தனை இருக்காது. நாலு பேர் நின்னு பாக்க, ஒருத்தன் ஓட்டியிருப்பான். நீங்க கேக்க வேண்டியது, நின்னு பாத்தவனா ஓட்டினவனாங்கறது.

"லேத்ல கடைசியா நீ செஞ்ச ஜாப் என்னப்பா? என்ன சைஸ் ராடு? டூல் நீயே கிரைண்ட் பண்ணினியா, ரெடியா குடுத்தாங்களா?" இப்படிக் கேட்டுப் பாருங்க. ஓட்டினவன் சொல்ற பதில்ல அளவு இருக்கும். "25 ராடு சார், ஸ்டெப் டர்னிங், டூலை சார் வெச்சுக் குடுத்தாரு"ம்பான். பாத்தவன் "டர்னிங், ஃபேஸிங், நர்லிங், த்ரெட்டிங்"னு பாடத்தலைப்பா அடுக்குவான். குரல்லயே வித்தியாசம் தெரிஞ்சுடும்.

அதுக்கு அப்புறம் வாய்ப்பேச்சு வேண்டாம், கையில ஒரு சாமான் குடுங்க. நான் வெர்னியர்தான் குடுப்பேன். டிஜிட்டல் இல்லை, சாதா 0.02 வெர்னியர். ஏற்கெனவே கடைஞ்சு வெச்ச துண்டு ஒண்ணையும் குடுத்து "இது எவ்வளவு இருக்கு பாருப்பா"ன்னு மட்டும் சொல்லணும். பதில் என்ன வருதுங்கறது ரெண்டாம் பட்சம். பதிலுக்கு முன்னாடி கை என்ன செய்யுதுன்னு பாருங்க. துண்டுல இருக்கிற எண்ணெயையும் பிசிறையும் துடைக்கிறானா? வெர்னியர் தாடையை வெறுமனே மூடி, ஜீரோ சேருதான்னு பாக்கறானா? தாடையைத் துண்டுல அமுக்கிப் பிடிக்கிறானா, லேசா உக்கார வைக்கிறானா? ஓரத்துல பிடிச்சு ஒரு தடவை பாத்தானா, ரெண்டு இடத்துல பாத்தானா?

ஷெட்டுல கீழ விழுந்து தாடை அடிபட்ட பழைய வெர்னியர் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதையே குடுங்க. மூடினா ஜீரோ கோடு சேராம, வெர்னியர்ல ரெண்டாவது கோடு சேருதுன்னு வெச்சுக்கோங்க. அப்ப அந்தக் கருவி எப்பவும் 0.04 கூட்டித்தான் காட்டும். துண்டு 25.06னு காட்டினா நிஜ அளவு 25.02. பையன் மூடிப் பாத்துட்டு "சார், இதுல எரர் இருக்கு"ன்னா, அவன் பட்டறையில வளர்ந்த பையன். 25.06னு நேரா சொன்னா படிக்கத் தெரியும், கருவியை நம்பற பழக்கம். 25.6ன்னா இன்னும் படிக்கவே வரலை, அதுவும் தெரிஞ்சது நல்லதுதான். மூணுமே ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும், யார் மனசும் நோகாது.

சேதராப்பட்டு சிஎன்சி
வெர்னியர் எல்லாரும் பாப்பாங்க. நான் ஒரே கேள்வி கேப்பேன்: "M10 டேப் போடணும், எத்தனை ட்ரில் எடுப்பே?" சைஸ்ல 0.8 பங்குன்னு சொல்றானான்னு பாப்பேன். 10க்கு 8. சொன்னா உள்ள எடுப்பேன், இல்லன்னா மூணு மாசம் டீபரிங்.

கடலூர் வாத்தியார்
கேள்வி அருமையான கேள்வி. விடைதான் தப்பு. அந்த விடையோட பையனைத் தேர்ந்தெடுத்தா, டேப்பை உடைக்கிறவனைத்தான் உள்ள எடுப்பீங்க.

டேப் சைஸ்ல இருந்து பிட்ச்சைக் கழிக்கணும். M10 சாதா த்ரெட்டுக்குப் பிட்ச் 1.5, அதனால 8.5 ட்ரில். M8க்குப் பிட்ச் 1.25, கழிச்சா 6.75, கடையில கிடைக்கிறது 6.8. உங்க 0.8 கணக்குல M8க்கு 6.4 வரும், M16க்கு 12.8 வரும். M16க்குப் போட வேண்டியது 14. சைஸ் பெருசாக ஆக தப்பும் பெருசாகும்.

8ல துளை போட்டா என்ன ஆகும்? M10 நட்டோட உள்பக்க விட்டமே 8.376. துளை அதைவிடச் சின்னது. அப்ப டேப்போட பல் முனை மட்டும் இல்லாம, பல்லுக்கு நடுவுல இருக்கிற பள்ளமும் போய் இரும்புல உரசும். அது வெட்டறதுக்கு இல்லை. பிசிறு போக வழி இல்லாம இறுகும், ஹேண்டிலைத் திருகினா முறுக்கு முழுக்க டேப் தண்டுல ஏறும். நாலாவது சுத்துலயோ அஞ்சாவது சுத்துலயோ 'டக்'குன்னு சத்தம். உள்ள மாட்டின துண்டை எடுக்கறதுக்குள்ள அரை நாள் போயிடும். 8.5 போட்டா முழுப் பல்லுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும், போல்ட் பிடிக்க அது தாராளம்.

சேதராப்பட்டு சிஎன்சி
நாங்க அலுமினியத்துல 0.8ல ஓட்டறோம், உடையலையே. M6க்கு 4.8 போட்டு இன்னைக்கும் ஓடுது.

கடலூர் வாத்தியார்
M6ல 4.8க்கும் 5க்கும் 0.2தான் வித்தியாசம், அலுமினியம் இளகின சாமான், அதனால விட்டுக்குடுக்குது. அதையே MS பிளேட்டுல M12க்கு 9.6ன்னு செஞ்சு பாருங்க. சிஎன்சியில ஃபார்மிங் டேப் போடறீங்கன்னா அதோட கணக்கே வேற, துளை இன்னும் பெருசா போகணும்.

சேதராப்பட்டு சிஎன்சி
ஸ்டீலுக்குப் பிட்ச் கழிக்கிறது சரின்னு ஒத்துக்கறேன். அலுமினியத்துக்கு என் கணக்கை மாத்த மாட்டேன். எப்படியோ, பையன் கிட்ட கேக்க வேண்டிய கேள்வி அதுதான்னு நான் சொன்னது நிக்குது இல்லையா.

முதுநகர் டீசல்
துறைமுகத்துப் பக்கம் போட் இன்ஜின் ஒர்க்ஷாப் நம்மது. டேப் கணக்கெல்லாம் இங்க தினம் தினம் நடக்காது, ஆனா கேள்வி கேக்கறதுல ஒரு பள்ளம் இருக்கு, அதைச் சொல்லணும்.

"பத்து போல்ட் ஒண்ணு எடுத்துட்டு வா தம்பி"ன்னு சொல்லிப் பாருங்க. டூவீலர் கடையில லீவுக்கு வேலை பாத்த பையன் M6 கொண்டாருவான். அங்க பத்துன்னா பத்து ஸ்பேனர் பிடிக்கிற போல்ட், அதோட தண்டு ஆறு. ஐடிஐயில மட்டும் படிச்சவன் M10 எடுப்பான், அதுக்கு 17 ஸ்பேனர் வேணும் (சில புது போல்ட்ல 16). பழைய மேஸ்திரி கிட்ட வளந்தவன் இன்னும் நூல் கணக்குல பேசுவான், "மூணு நூல் போல்ட்டா?"ன்னு திருப்பிக் கேப்பான், அதாவது அரை அங்குலத்துல முக்கால், 9.5 மில்லி கிட்ட. மூணு பேரும் சரிதான். ஃபோர்மேன் ஒண்ணை நினைச்சுக் கேட்டுட்டு "இதுகூடத் தெரியலையா"ன்னா, பையன் அன்னைக்கே வாயை மூடிக்குவான்.

எனக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பசங்க. இன்ஜின் சத்தத்தை வெச்சே இன்ஜெக்டர்ல கோளாறுன்னு சொல்லுவான், வெர்னியர் குடுத்தா முழிப்பான். வாத்தியார் சொல்ற சோதனையில அவன் பூஜ்யம். அவனை நான் எந்த வரிசையில வைக்கிறது?

கடலூர் வாத்தியார்
அரை அங்குலத்துல முக்கால்னா சரிதான், அங்குலத்துல எட்டுல மூணு. உங்க பையன் விஷயத்துல நான் தோத்தேன்னு வெச்சுக்கோங்க. வெர்னியர் சோதனை மெஷின் ஷாப்புக்குத்தான். ரிப்பேர் கடையில, கழட்டி வெச்ச பாகத்தை எந்த வரிசையில அடுக்கறான், போல்ட்டை எந்தத் துளையில இருந்து வந்ததோ அங்கேயே சொருகி வைக்கிறானான்னு பாக்கலாம். அளவு எடுக்க அப்புறமா சொல்லித் தரலாம். அளவும் வேணும், காதும் வேணும்னு ரெண்டும் கேக்கற கடைக்கு எதை முதல்ல பாக்கறதுன்னு என் கிட்ட பதில் இல்லை.

ரெண்டாம் வருஷ அப்ரண்டிஸ்
எல்லாரும் பெரியவங்க பேசறீங்க. இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். பதில் பொய்யா வர்றது கேள்வியால மட்டும் இல்ல சார், கேக்கற இடத்தாலயும்தான். நடு ஷெட்டுல, பழைய ஆபரேட்டர் ரெண்டு பேர் மெஷினை நிறுத்திட்டு வேடிக்கை பாக்கறப்ப கேட்டா, யாருமே "தெரியாது"ன்னு சொல்ல மாட்டாங்க. சொன்னா ஆறு மாசத்துக்கு டீ வாங்கறதும் கூட்டறதும்தான். அதே கேள்வியை பெஞ்ச் பக்கம் கூட்டிட்டுப் போய் தனியா கேட்டா உண்மை வரும்.

இன்னொண்ணு, "எந்த ஊருப்பா, எந்த பஸ்ல வந்தே, சாப்பிட்டியா"ன்னு ஆரம்பிச்சா நல்லாருக்கும். மரியாதைக்கு மட்டும் சொல்லலை. பண்ருட்டி பக்கத்துல இருந்து எட்டு மணி ஷிஃப்டுக்கு வர்றவன் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பியிருப்பான், வெறும் வயிறு. பதினோரு மணிக்கு ட்ரில் முன்னாடி நிக்கறப்ப தலை சுத்தும்.

மேட்டுப்பாளையம் ஷெட்
இது நான் யோசிக்கலை. டீ நேரத்துக்கு முன்னாடி யாரும் இல்லாத ஃபிட்டிங் பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறேன். பேரு, ஊரு, பஸ்ஸு, சாப்பாடு. அப்புறம் கடைசியா செஞ்ச ஜாப். அப்புறம் வெர்னியர். டேப் கேள்வியை வாயால கேக்காம கையால பாக்க முடியுமா வாத்தியாரே? ஸ்கிராப்ல 12 மில்லி MS பிளேட் கிடக்கு.

அரியாங்குப்பம் ஷிஃப்ட் இன்சார்ஜ்
நிறுத்துங்க. வெர்னியர், டேப் எல்லாம் இருக்கட்டும். முதல் பார்வை கழுத்துலயும் கையிலயும் போகணும், கேள்வி அப்புறம்தான்.

புதுசா வர்ற பசங்க எல்லாரும் ஐடி கார்டைக் கழுத்துல கயிறோட தொங்கவிட்டுட்டு வருவாங்க. அன்னைக்குத்தானே குடுத்திருப்பாங்க, பெருமை. ட்ரில் ஸ்பிண்டில் பக்கம் குனிஞ்சா அந்தக் கயிறு போதும். முழுக்கை சட்டை பட்டன் போடாம இருக்கும். மணிக்கட்டுல கோயில் கயிறு, காப்பு. "பாதுகாப்பு தெரியுமா"ன்னு கேட்டா "ஹெல்மெட், ஷூ, கிளவுஸ்"னு ஒப்பிப்பாங்க. அங்கதான் கோளாறே. சுத்தற ட்ரில்லு, லேத்து முன்னாடி துணி கிளவுஸ் கூடவே கூடாது. வெறும் விரல்ல சுருள் பட்டா கிழிச்சுட்டுப் போகும். கிளவுஸ்ல நூல் மாட்டினா கையையே இழுத்துச் சுத்தும். வெறும் கையால சுருளைத் தொடவும் கூடாது, மெஷினை நிறுத்திட்டு பிரஷ்ஷாலயோ கொக்கியாலயோ எடுக்கணும்.

அதனால நான் கேக்கற கேள்வி: "ட்ரில் போடறப்ப கிளவுஸ் போடுவியா?" தைரியமா "போடுவேன் மேடம்"னா அவன் இன்னும் பெஞ்ச் வேலைதான். லேத்துல ஒண்ணு. மெயின் சுவிட்சை அணைச்சுட்டு சக்கைக் காட்டி "இந்த 25 ராடை மாட்டு"ன்னு சக் கீயைக் குடுப்பேன். இறுக்கினதும் கீயை எடுத்தானா, இல்ல அப்படியே விட்டுட்டு என் முகத்தைப் பாத்தானா? எடுத்து அதோட இடத்துல வெச்சான்னா மெஷின்ல நிறுத்தலாம். விட்டான்னா, அவனுக்கு எவ்வளவு கணக்கு வந்தாலும் தனியா விட மாட்டேன். மெஷின் ஓடறப்ப அந்தக் கீ சக்குல இருந்தா எந்தப் பக்கம் பறக்கும்னு யாருக்கும் தெரியாது.

சேதராப்பட்டு சிஎன்சி
கார்த்திகை மாசம் மாலை போட்டுட்டு வர்றவன் கிட்ட கழட்டச் சொல்ல முடியுமா மேடம்?

அரியாங்குப்பம் ஷிஃப்ட் இன்சார்ஜ்
கழட்டச் சொல்ல மாட்டேன், கழட்டவும் மாட்டான். சட்டைக்குள்ள விட்டு மேல் பட்டன் வரைக்கும் போடச் சொல்வேன், மாலை இருக்கிற நாள் முழுக்க அசெம்பிளி, மார்க்கிங், இன்ஸ்பெக்‌ஷன். அப்பவும் சுத்தற மெஷின் பக்கம் விட எனக்கு மனசு வராது. பொண்ணுங்க வந்தா இதே பேச்சு துப்பட்டா, பின்னல் பத்தி. "என்னம்மா இப்படி வந்திருக்கே"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்காம, தொப்பியும் கோட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு "இதைப் போட்டுக்கம்மா"ன்னா முடிஞ்சுது.

கடலூர் வாத்தியார்
மேடம் சொல்ற வரிசையே சரி, முதல்ல கழுத்து, அப்புறம்தான் வெர்னியர். என்னோடதை ஒரு படி கீழ இறக்கிக்கறேன்.

ஷெட்காரர் கேட்ட 12 மில்லி பிளேட் விஷயம். M10 துளை ஒண்ணு, ஊடுருவிப் போற துளை. பையன் கிட்ட "இங்க நடுவுல ஒரு M10 டேப் போட்டுக் குடுப்பா, அவசரமில்லை"ன்னு சொல்லிட்டு, ட்ரில் பெட்டியைத் திறந்து வெச்சுட்டு ரெண்டடி தள்ளி நில்லுங்க. பெட்டியில 8, 8.5, 9 மூணும் இருக்கட்டும். எதை எடுக்கறான்னு பாத்தாலே அந்தக் கணக்குக் கேள்விக்கு விடை. எடுத்த ட்ரில்லைத் தண்டுல எழுதின நம்பரை மட்டும் நம்பாம வெர்னியர்ல ஒரு தடவை பாத்தான்னா இன்னும் நல்லது, ஏன்னா ஷெட்டுல ட்ரில்லை யாரோ எடுத்து மாத்தி வெச்சிருப்பாங்க.

பிளேட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே ட்ரில்லுக்குக் கீழ கொண்டு போனான்னா அங்கேயே நிறுத்துங்க, வைஸ்ல கட்டச் சொல்லுங்க. ட்ரில் அடிப்பக்கம் வெளிய வர்ற நேரத்துல மாட்டி பிளேட்டை விசிறி மாதிரி சுத்திவிடும். சென்டர் பஞ்ச் அடிக்காம ஆரம்பிச்சா முனை வழுக்கி அரை மில்லி தள்ளிப் போகும், அதை அவனே அளந்து பாக்கட்டும்.

டேப் செட்டுல மூணு இருக்கும். முதல் டேப்புல முனை சரிஞ்சு நீளமா இருக்கும், அதுலதான் தொடங்கணும். மூணாவதை எடுத்துத் தொடங்கினா டேப்பிங் பாத்திருக்கான், செஞ்சதில்லைன்னு அர்த்தம். ரெண்டு சுத்து உள்ள போனதும் நிறுத்தி, ரைட் ஆங்கிளை ரெண்டு பக்கம் வெச்சு நேரா நிக்குதான்னு பாக்கறானா? இதைத்தான் நான் அதிகமா கவனிப்பேன். அந்த ரெண்டு சுத்துலதான் திருத்த முடியும். அஞ்சு சுத்து போன பிறகு சாய்வைக் கண்டுபிடிச்சு ஹேண்டிலை வளைச்சு நேராக்கப் பாப்பாங்க, அங்கதான் பாதி டேப் உடையும். அப்புறம் எண்ணெய், அரைச் சுத்து முன்னாடி கால் சுத்து பின்னாடி. பின்னாடி திருப்பறப்ப பிசிறு ஒடியறது கையிலேயே தெரியும், லேசா ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்புக்காகக் காத்திருக்கிற கை இருக்கே, அது பழகின கை.

முதுநகர் டீசல்
டேப் உடைஞ்சா யார் காசு? இதைப் பையன் கிட்ட முதல்லயே சொல்லிடணும். சொல்லலைன்னா உடைஞ்ச துண்டைத் துளையோட மூடி மறைச்சுட்டு எண்ணெய் தடவி வெச்சுடுவான்.

மேட்டுப்பாளையம் ஷெட்
நம்ம ஷெட்டுல கடை காசுதான். "உடைஞ்சா உடைஞ்சுதுன்னு வந்து சொல்லு, சம்பளத்துல பிடிக்க மாட்டேன்"னு டேப் குடுக்கறப்பவே சொல்றேன். 8, 8.5, 9 தேடிப் பாத்தேன். 8.5 ட்ரில் ஒண்ணு முனை மழுங்கிக் கிடக்கு. அப்படியே வைக்கட்டுமா, கிரைண்ட் பண்ணி வைக்கட்டுமா?

கடலூர் வாத்தியார்
கிரைண்ட் பண்ணிடுங்க. மழுங்கின ட்ரில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி, துளை 8.7, 8.8ன்னு போயிடும். அப்புறம் த்ரெட் லூஸா வந்தா அது அவன் கையா உங்க ட்ரில்லான்னு தெரியாது.

ரெண்டாம் வருஷ அப்ரண்டிஸ்
சார், மழுங்கினதையே பெட்டியில வைங்க. அவன் முனையைப் பாத்துட்டு "சார் இது மழுங்கியிருக்கு"ன்னு கேக்கறானான்னு பாருங்க. நல்லது ஒண்ணு கிரைண்ட் பண்ணி பாக்கெட்ல வெச்சுக்கோங்க.

சேதராப்பட்டு சிஎன்சி
இவன் நாளைக்கு ஃபோர்மேன் ஆனா அப்ரண்டிஸ் யாரும் தப்பிக்க முடியாது.

மேட்டுப்பாளையம் ஷெட்
அது நல்ல யோசனை, ஆனா முதல் நாளே வேண்டாம். முதல் நாள் நல்ல ட்ரில், மழுங்கினது புதன்கிழமை. மேடம், சக் கீ சோதனைக்கு மூணு லேத்ல ஒண்ணு காலைல ஒன்பதரை வரைக்கும் காலியா இருக்கும், அதுக்குள்ள முடிச்சுடறேன். ஐடி கார்டைச் சட்டைப் பையில குத்த நாலு கிளிப் வாங்கி வெச்சாச்சு.